அம்மா விட்ட உப்பு

மூன்று வருடத்துக்கு முன், ஒரு வேலையை விட்டு இன்னொன்றில் சேர்வதற்கு நடுவே எனக்கு ஏழு வாரம் கிடைத்தது. விட்டது கோயம்புத்தூரில், அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வுக்கூடம். கருவி காட்டும் எண் உண்மையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, எழுதி, ஒட்டி அனுப்புவது என் வேலை. சேரப்போவது சென்னையில். இரண்டுக்கும் நடுவில் சூலூர் பக்கம் எங்கள் வீட்டில் இருந்தேன். படித்து முடித்தபின் அவ்வளவு நாள் தொடர்ந்து வீட்டில் இருந்தது அப்போதுதான். இனி அமையுமா தெரியாது.

எங்களுக்கு எட்டு விசைத்தறி. வீட்டுக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட குடோனில் இரண்டு வரிசையாக ஓடும். நான்கை அம்மா பார்ப்பார். நான்கை, பத்து வருடமாக எங்களிடம் வேலை செய்யும் ஒரு அக்கா பார்ப்பார். அப்பாவின் வேலை நூல் வாங்கிவருவது, நீளவாக்கு நூலான பாவைத் தறியில் ஏற்றுவது, நெய்த துணியைக் கொண்டுபோய்ப் போடுவது. தறி ஓடும்போது உள்ளே பேச்சுக் கேட்காது. கையாலும் உதட்டாலும்தான் எல்லாம். சின்ன வயதில் அந்தச் சத்தத்தில்தான் வீட்டுப்பாடம் எழுதினேன். இன்றும் மிக அமைதியான அறையில் எனக்குக் கணக்கு வராது.

வந்த இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை நாலு மணி சுமாருக்கு, அம்மா மூன்றாவது தறிக்குக் கீழே குந்தி உட்கார்ந்து அறுந்த இழை ஒன்றை எடுத்துக் கட்டினார். எழுந்தார். எழுந்தவர் தறியின் இரும்புச் சட்டத்தைப் பிடிக்கக் கையை நீட்டினார். கை அதற்கு ஒரு சாண் இந்தப்பக்கம் காற்றைப் பிடித்தது. அப்படியே சரிந்தார். நான் வாசலில் நின்றுகொண்டு பார்த்தேன். அக்காதான் ஓடிப்போய் முதலில் தறியை நிறுத்தினார், பிறகு அம்மாவைத் தாங்கினார். அந்த வரிசைதான் சரி என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. அம்மாவின் முழங்கைக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குத் தோல் வழன்றிருந்தது. கை இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாயால் சொல்லவில்லை.

"ஒண்ணுமில்ல கண்ணு. கிறுகிறுன்னு வந்துச்சு. இது எப்பவும் வாரதுதான்" என்றார் அம்மா, தரையில் படுத்தபடி.

"எப்பவும்னா?"

அம்மா எழுந்து உட்காரப் பார்த்தார். அக்கா சொன்னார். "மூணு மாசமா பாப்பா. தெனம் ரெண்டு தடவ கண்ணை இருட்டிக்கிட்டு நிக்கும். கேட்டா, ஊட்டுல சொல்லிப்போடாதன்னு என்ற வாயை அடைச்சுபோடும்."

அன்று சாயங்காலமே அப்பா முடிவு செய்துவிட்டார். சோமனூர்ப் பக்கம் பழைய தறி வாங்குகிற ஆள் ஒருவரைத் தெரியும். ஆடி முடிந்து வரச்சொல்லி இருக்கிறேன், எட்டையும் கொடுத்துவிடலாம் என்றார். கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார். அப்பா பயந்தால் குரல் தணிந்துவிடும்.

"என்ற தறியை வித்துப்போட்டு நான் என்னங்க பண்றது?" என்று அம்மா கேட்டார்.

"உசுரோட இருக்கறது."

அம்மா இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகி வந்தபோது ஒரு தறி. அவர் ஓட்டி ஓட்டித்தான் எட்டானது. எனக்குக் கையில் இருந்தது ஐந்து வாரம். ஆடி முடிய அதற்கும் கொஞ்சம் குறைவு.

மறுநாள் சூலூரில் ஒரு பெண் மருத்துவரிடம் அம்மாவைக் கூட்டிப்போனேன். அப்பாவின் நூல் லோடு வருகிற நாள், அவர் வரவில்லை. மருத்துவர் அம்மாவைப் படுக்கவைத்து ஐந்து நிமிடம் விட்டு ரத்த அழுத்தம் பார்த்தார். 104க்கு 66. எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் பார்த்தார். 82க்கு 54. மூன்றாவது நிமிடத்திலும் பெரிதாக ஏறவில்லை. எண்களைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அமைதியானது. பயம் எண்ணாக மாறிவிட்டால் எனக்கு அதோடு பேசத் தெரியும்.

ரத்தசோகை இருக்கிறதா, சர்க்கரை, தைராய்டு, ரத்தத்தில் உப்புச்சத்து, சிறுநீரகம் எல்லாம் பார்க்க எழுதினார். ஈசிஜி எடுத்தார். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு நாள் கழித்து முடிவுகளோடு போனோம். உப்புச்சத்து கீழ்வரம்பை ஒட்டி இருந்தது. மற்றதெல்லாம் சரி; இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருந்தன.

"என்ன சாப்பிடறீங்கம்மா? நேத்து காலைல இருந்து சொல்லுங்க."

அம்மா சொன்னார். நான் மடியில் வைத்திருந்த நோட்டில் எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஐந்து மணி: வரக்காப்பி.
பத்தரை: மீதியிருந்த இட்லி, இரண்டு.
மூன்று மணி: சோறு, தட்டு நிறைய.
ராத்திரி: சோறு, கொஞ்சம்.
தண்ணீர்: "தாகம் எடுத்தா குடிப்பனுங்க." எத்தனை டம்ளர்? "ரெண்டோ மூணோ இருக்குமுங்க."

"தகரக்கூரைக்குக் கீழ பத்து மணி நேரம் வேர்வை ஊத்த நிக்கறீங்க. மூணு டம்ளர்தானா?"

"தண்ணி குடிச்சா அடிக்கடி வெளியே போகோணுமுங்க. தறி நிக்குமுங்க."

மருத்துவர் சிரிக்கவில்லை. "உப்பு?"

"ஊட்டுக்காரருக்குப் பிரசருங்க. அதுக்காக ஊட்டுல உப்பே கம்மிதானுங்க."

"அவருக்குக் கொறைக்கச் சொன்னது சரிதானுங்க. உங்களுக்கு யாருங்க கொறைக்கச் சொன்னது?"

"ஒரே சமையலுங்க" என்றார் அம்மா, அதற்கு மேல் என்ன சொல்ல என்பதுபோல.

எனக்கு முகம் சுட்டது. வந்த நாளிலிருந்து குழம்பு சப்பென்று இருக்கிறது என்று நான் என் தட்டோரம் உப்பை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். அந்த உப்புக் கிண்ணம் அம்மா பக்கம் போகிறதா என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

மருத்துவர் சொன்னவை எல்லாம் சாதாரண விஷயங்கள். படுக்கையிலிருந்து எழுமுன் ஒரு டம்ளர் தண்ணீர், பிறகு உட்கார்ந்து, கால்களை ஆட்டி, அப்புறம் நிற்பது. நாள் முழுக்க இரண்டேகால் லிட்டர் அளவுக்கு, பிரித்துப் பிரித்து. மூன்று மணிக்கு ஒரு மலையைச் சாப்பிட்டால் ரத்தமெல்லாம் வயிற்றுப் பக்கம் போகும், அப்போதுதான் நாலு மணிக்குச் சரிகிறீர்கள். அதே சோற்றை ஐந்தாகப் பிரியுங்கள். உப்பு, எல்லோரும் சாப்பிடும் அளவுக்கு வரவேண்டும், அதற்கு மேல் நாளுக்கு ஒரு அரை டீஸ்பூன், மோரிலும் கஞ்சியிலும் போட்டு. கிறுகிறுப்பு வந்தால் எதையும் எட்டிப் பிடிக்காதீர்கள், அங்கேயே உட்காருங்கள், முடிந்தால் படுத்துக் காலைத் தூக்கி வையுங்கள். என்னிடம் தனியாக, "இது உங்க அம்மாவுக்குப் பார்த்துச் சொன்ன அளவு. பக்கத்து ஊட்டுக்காரங்க யாரும் தலைசுத்துதுன்னு இதையே செய்யக்கூடாது. கால் வீங்கினாலோ, பிரசர் ஏறினாலோ ஒடனே கூட்டிட்டு வாங்க" என்றார். வாரம் ஒரு முறை வரச்சொன்னார்.

வீட்டுக்கு ஒரு ரத்த அழுத்தக் கருவி வாங்கினேன். அதை மருத்துவரின் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்று எண் கூடக் காட்டியது. அதை ஒரு சீட்டில் எழுதி அதன் முதுகில் ஒட்டினேன்.

பிறகு நான் பட்டியல் போட்டேன். அழகான பட்டியல். இடப்பக்கம் நேரம், நடுவில் என்ன, வலப்பக்கம் டிக் அடிக்கக் கட்டம். ஏழரைக்கு இட்லி இரண்டு. ஒன்பதுக்கு உப்பு போட்ட மோர். பத்தரைக்குக் கம்மங்கூழ். பன்னிரண்டரைக்கு அரிசிம்பருப்புச் சோறு ஒரு கரண்டி. மூன்றுக்கு மறுபடி ஒரு கரண்டி, ரசம். ஐந்துக்கு வேர்க்கடலை. நடுவே மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். குடோன் சுவரில் ஒட்டி, நூலில் ஒரு பென்சில் கட்டித் தொங்கவிட்டேன்.

காலையும் மாலையும் நான் அளந்தேன். நான்கு நாள், நின்றால் 84, 82, 85, 83. அசையவே இல்லை. ஆனால் பட்டியலில் எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. எண் பொய் சொல்கிறதா, கருவி பொய் சொல்கிறதா என்று இரண்டு நாள் கருவியைப் போட்டு உலுக்கினேன். ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணிக்குக் குடோனுக்குப் போனபோது சாயங்காலம் ஐந்து மணி வேர்க்கடலைக்கும் டிக் விழுந்திருந்தது.

அக்கா தறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "காலைல வந்ததும் மொத வேலையா அதைத்தான் செய்யும் பாப்பா. சாமிக்கு விளக்குப் போடற மாதிரி."

"அம்மா?"

"நீ வெசனப்படுவீன்னு போட்டு வெச்சேன் கண்ணு" என்றார் அம்மா. வெட்கப்படவில்லை. "இந்தச் சத்தத்துல மணி என்னன்னு யாரு பாக்கறா? நாலு தறி ஓடுது. ஒண்ணை விட்டா ஒண்ணுல தார் தீருது."

"படிச்ச புள்ள போட்ட பட்டியல். ஆபீசுல ஒட்டறதுக்கு நல்லா இருக்கும்" என்றார் அக்கா.

எனக்குக் கோபம் வந்தது. உட்கார்ந்து பார்த்தேன். அன்று முழுக்க, ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, அம்மா என்ன செய்கிறார் என்று மட்டும் பார்த்தேன். வேலையில் நான் எப்போதும் செய்கிற காரியம்தான். வீட்டில் செய்யத் தோன்றவில்லை. குறுக்கே ஓடும் நூலைச் சுற்றிய சிறு குச்சிக்குத்தான் தார் என்று பெயர். அது தறியில் இப்படியும் அப்படியும் ஓடும் நாடாவுக்குள் இருக்கும். சில நிமிடத்துக்கு ஒன்று தீரும். அம்மா நாடாவை எடுத்துப் புதுத் தாரை மாட்டி மறுபடி ஓட்டுவார். நிறைத்த தார்கள் ஒரு பெட்டியில் இருக்கும். நான்கு தறிக்கு ஒரு பெட்டி ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரும். பெட்டி காலியானால் அம்மா அதை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய் நிறைத்த பெட்டியைக் கொண்டுவருவார். கடிகாரம் அவருக்கு இல்லை. பெட்டி இருந்தது.

இதை நான் அக்காவிடம் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கினார். "அப்ப பாட்டிலைப் பெட்டிக்குள்ள வெச்சுபோடு பாப்பா. தாரை எடுக்க எடுக்க அது வெளியே தெரியுமில்ல. அதைக் குடிக்காம அடுத்த பெட்டியை எப்படி எடுக்குதுன்னு பாக்கறேன்."

அப்படித்தான் செய்தோம். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஒரு டம்ளர் பிடிக்கும் சின்ன பாட்டில், இறுக மூடி. மேலே தார். ஒன்றுவிட்டு ஒரு பெட்டியில் தண்ணீருக்குப் பதில் மோர், அதோடு ஒரு டப்பாவில் சோறோ கூழோ. தார் தீரும்போது பாட்டில் எதிரே நிற்கும். வெளியே போய்வரும் ஐந்து நிமிடம் அம்மாவின் தறிகளையும் அக்காவே பார்த்துக்கொண்டார். "எட்டும் ஓட்டறேன். எட்டுக்கும் கூலி போட்டுக் குடு" என்று சைகையால் மிரட்டுவார். அம்மா பதிலுக்கு உதட்டைப் பிதுக்குவார். அந்தச் சத்தத்துக்குள் அவர்கள் இரண்டு பேரும் நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள் என்பது எனக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்காது. ஆனால் சிரித்துக்கொண்டே இருப்பார்கள்.

எண் ஏறியது. நின்றால் 90, 91. அங்கேயே நின்றுவிட்டது.

தண்ணீர் போகிறது. சோறு பிரிந்து போகிறது. மிச்சம் ஒன்றுதான். மோர்ப் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்பே இல்லை. நான் உப்புப் போட்டுக் கொடுத்திருந்த மோரை அம்மா கீழே ஊற்றிவிட்டு, வேறு மோர் நிரப்பியிருந்தார்.

அன்று மத்தியானம் அம்மா இடியாப்பம் மாதிரியான சந்தகை பிழிந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் தேங்காய் துருவினேன். கேட்டேன். ஒரு ஈடு பிழிந்து தட்டில் வைத்தார்.

"உங்கப்பன் ஆஸ்பத்திரில இருந்து வந்தப்ப நீ ஹாஸ்டல்ல இருந்தே" என்றார். "மூணு நாளு தட்டையே தள்ளி வெச்சாரு. உப்பில்லாம இதை மாடு திங்குமான்னு கேட்டாரு. நானுந்தான் திங்கறனுங்க, ரெண்டு பேருக்கும் ஒரே சட்டிதானுங்கன்னு சொன்னேன். அதுக்கப்பறம்தான் சாப்புட்டாரு. ஊறுகா, அப்பளம் எல்லாத்தையும் எடுத்து அக்காவுக்குக் குடுத்துபோட்டேன். ரெண்டு வருசமாச்சு. இப்ப நான் மட்டும் போட்டுக்கிட்டா?"

"தெரிஞ்சா அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரும்மா."

"சொல்ல மாட்டாரு. அவரும் கையை நீட்டுவாரு."

இதற்கு என்னிடம் கட்டம் இல்லை. சந்தகைப் பிடியைத் திருகிக்கொண்டிருந்த அம்மாவின் கையை, அதில் ஆறி வந்த தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தறியும் வேண்டும், அப்பாவும் வேண்டும். அவர் கணக்கில் ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் கொடுக்கவேண்டியிருந்தது. அவர் தறியைத்தான் கொடுப்பார் என்பது எனக்கு அப்போது தெரிந்துவிட்டது.

நான் அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்டார். நான் சொன்னேன். அது சரியா என்று இன்றும் யோசிப்பதுண்டு. மறுநாள் துணிக்கட்டை வண்டியில் ஏற்றும்போது, நோட்டைத் திறந்து எண்களைக் காட்டி, கடைசியாக இதைச் சொன்னேன். அப்பா கயிற்றை முடிந்துகொண்டே கேட்டார். கட்டி முடித்தபின்னும் அதே முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் கேட்டனா அவளை?" என்றார்.

"இல்லீங்கப்பா."

"என்ற கூடச் சேந்துக்கச் சொல்லி நான் கேட்டனா?"

"நீங்க கேக்கலீங்கப்பா."

வண்டியில் ஏறிப் போய்விட்டார். ராத்திரி சீக்கிரமே சாப்பிட்டு எழுந்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், சொல்லிவிட்டாயா என்பது இருந்தது.

அடுத்த நாள் காலை நான் எழுந்தபோது சமையலறையில் அப்பா நின்றிருந்தார். அதுவே எங்கள் வீட்டில் அபூர்வம். அடுப்பில் பருப்புக் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா ஒரு சின்னச் சட்டியில் கரண்டியால் தன் பங்கை மொண்டு எடுத்தார். இரண்டு கரண்டி. யோசித்து இன்னும் அரைக் கரண்டி. மூடி, தள்ளி வைத்தார். பிறகு உப்பு ஜாடியை எடுத்து அம்மாவுக்கு முன்னால் வைத்தார்.

"என்றதை எடுத்தாச்சு. இதுல போடு அம்மணி."

"ஏனுங்க, ஒரே ஊட்டுல ரெண்டு கொழம்பா?"

"எட்டுத் தறி இருக்கற ஊட்டுல ரெண்டு சட்டி இருந்தா ஆகாதா?"

அம்மா போடவில்லை. அப்பா போகவும் இல்லை. பருப்பு பொங்கி வழிந்தது. நான்தான் அடுப்பைக் குறைத்தேன். கடைசியில் அம்மா இரண்டு விரலால் கிள்ளிப் போட்டார். "இன்னுங் கொஞ்சம்" என்றார் அப்பா, பாவு நூலுக்கு அளவு சொல்வது போல. இன்னும் கொஞ்சம் விழுந்தது. கரண்டியில் எடுத்து ஊதி அம்மா ருசி பார்த்தார். இன்னொரு கரண்டி எடுத்தார்.

அதன்பின் தினமும் காலையில் அப்பா வந்து, உப்பு விழுவதற்கு முன் தன் பங்கை எடுத்துப்போவார். அம்மா பயந்ததுபோல் அவர் கையை ஒரு தடவை நீட்டத்தான் செய்தார், ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசத்துக்கு. அம்மா கரண்டியால் தட்டினார். அது போதுமாக இருந்தது.

மோரில் உப்பு நிலைத்தது. அடுத்த வாரம் நின்றால் 96. அதற்கடுத்த வாரம் 102. மருத்துவர் காலை அழுத்திப் பார்த்தார், வீக்கம் இல்லை; இதே அளவு, இதற்கு மேல் ஏற்றவேண்டாம் என்றார். கிறுகிறுப்பு அடியோடு போகவில்லை. வெயில் ஏறிய நாளில் ஒரு முறை வந்தது. அம்மா எதையும் பிடிக்கப் போகாமல், நின்ற இடத்தில், நூல் தூசு படிந்த தரையில் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். இரண்டு நிமிடம் கழித்து எழுந்து தறியை ஓட்டினார். அக்கா எனக்குக் கட்டை விரலைக் காட்டினார்.

ஆடி முடிந்த மூன்றாம் நாள் சோமனூர்ப் பக்கத்து ஆள் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் டார்ச். ஒவ்வொரு தறிக்கும் அடியில் குனிந்து பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. தார் மாற்றினார், இழை கட்டக் குந்தினார், கையை முழங்காலில் ஊன்றி மெதுவாக எழுந்தார், ஒரு மூச்சு நின்றார், ஓட்டினார். அப்பா வாசலில் நின்று தறியைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டும் சொன்னீங்களே?" என்றார் வந்தவர் வெளியே வந்ததும்.

"சுவத்தோரம் இருக்கற ரெண்டை மட்டும் எடுத்துக்கங்க. அங்க காத்தே வாரதில்லீங்க."

"ரெண்டுக்கா இவ்ளோ தூரம் வரச்சொன்னீங்க?"

"மோர் குடிக்கறீங்களா?" என்றார் அப்பா. "உப்புப் போட்டதும் இருக்குதுங்க, போடாததும் இருக்குதுங்க."

இரண்டு தறி போன மறுநாள், அம்மாவும் அக்காவும் ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். காலியான இடத்தில் அப்பா ஒரு கயிற்றுக்கட்டிலைக் கொண்டுவந்து போட்டார். பதினோரு மணிக்கு அம்மா அதில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டார். சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் காலை நீட்டிக்கொண்டார். ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா கையை ஆட்டி ஏதோ கேட்டார். அம்மா டப்பாவை அவர் பக்கம் நீட்டினார்.